கொசஸ்தலை ஆற்றில் கிடைத்த கல்: பள்ளி மாணவரின் கடிதத்துக்கு ஒரு காப்பாட்சியரின் பதில்

*மதிப்பிற்குரிய காப்பாட்சியர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். நான் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். கோடை விடுமுறையில் எங்கள் ஊர்த் தரைப்பாலத்துக்குக் கீழே, கொசஸ்தலை ஆற்றில் ஒரு கல்லை எடுத்தேன். வெற்றிலை மாதிரி ஒரு முனை கூராகவும் மறுமுனை உருண்டையாகவும் இருக்கிறது. நீளம் 14 செ.மீ., அகலம் 9 செ.மீ., கனம் 4 செ.மீ. மளிகைக்கடைத் தராசில் 650 கிராம் வந்தது. அளவுக் குவளையில் போட்டால் தண்ணீர் 250 மி.லி. ஏறுகிறது. காந்தம் ஒட்டவில்லை. என் நண்பன் விண்கல் என்கிறான். பாட்டி இடி விழுந்த இடத்தில் கிடைக்கும் கல் என்று சொல்லி மஞ்சள் பூசி வைக்கச் சொல்கிறார். அறிவியல் ஆசிரியர், ஆதித்தமிழரின் ஆயுதமாக இருக்கலாம், உங்களுக்கு எழுதிக் கேள் என்றார். ஒரு பக்கத்தை மட்டும் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒருவர் 500 ரூபாய்க்கு விலைக்குக் கேட்டார். இது என்ன கல்? எத்தனை ஆண்டு பழமையானது? உங்களிடம் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமா? அந்த இடத்தில் தோண்டினால் இன்னும் கிடைக்குமா? ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறேன்.*

அன்புள்ள தம்பி,

உன் ஊரின் பெயரையும் தரைப்பாலத்தின் பெயரையும் இங்கே வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இப்படிப்பட்ட இடத்தின் பெயர் அச்சில் வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சாக்குப்பையோடு அங்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். நீயும் நான் சொல்லும்வரை இடத்தைப் பலருக்கும் சொல்லாதே.

முதலில் உன் அளவுகளைப் பார்ப்போம், ஏனென்றால் பாதி விடையை நீயே கண்டுபிடித்துவிட்டாய். 650 கிராமை 250-ஆல் வகுத்தால் 2.6 வருகிறது. அதாவது இந்தக் கல் அதே கன அளவுள்ள தண்ணீரைப்போல் 2.6 மடங்கு கனமானது. இரும்பு விண்கல்லாக இருந்தால் இந்த எண் 7-க்கு மேல் வந்திருக்கும். கல்வகை விண்கற்களில் பெரும்பாலானவற்றுக்கும் 3-க்கு மேல் வரும், அவற்றில் கலந்திருக்கும் இரும்பினால் காந்தமும் ஓரளவு ஒட்டும். உன் எண் குவார்ட்சைட் என்னும் பாறைக்குரிய 2.65-க்கு மிக அருகில் இருக்கிறது. குவளையில் பார்க்கும் அளவில் இந்தச் சிறு வித்தியாசம் இயல்பானதே. குவார்ட்சைட் என்பது மணற்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி, மணலும் மணலும் ஒன்றாக உருகியதுபோல் ஆகிவிட்ட கடினமான பாறை. உங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் அல்லிக்குழி மலைத்தொடரிலிருந்து உருண்டு வந்த கூழாங்கற்களில் பெரும்பகுதி இந்தப் பாறைதான். ஆகவே நண்பனிடம் விண்கல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பாட்டி சொன்னதைத் தள்ளிவிடாதே. மண்ணிலிருந்து மழைக்குப் பிறகு வெளியே வரும் கற்கருவிகளை இடியோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. நம் ஜவ்வாது மலைக் கிராமங்களில், வழுவழுப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையார் என்று வைத்துக் கும்பிடுகிறார்கள். இது மனிதர் வேலை செய்த கல் என்பதை அந்த மக்கள் தங்கள் வழியில் உணர்ந்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். மஞ்சள் மட்டும் வேண்டாம் என்று பாட்டியிடம் பணிவாகச் சொல்லிவிடு. அதன் காரணம் பின்னால் வருகிறது.

கல்லை எப்படிப் படிப்பது

ஆற்றில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் மற்றக் கற்களோடு மோதி உடைகிறது. ஆகவே உடைந்த தடம் இருப்பதால் மட்டும் ஒரு கல் கருவி ஆகிவிடாது. என்னிடம் வரும் பத்துக் கற்களில் எட்டு, ஒன்பது இயற்கையாக உடைந்தவையே. நான் பார்ப்பது உடைப்புகளுக்கு இடையே உள்ள ஒழுங்கை.

ஒரு கூழாங்கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லால் சரியான கோணத்தில் தட்டினால், அடிபட்ட பக்கத்தின் எதிர்ப்புறத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழும். அதைச் செதில் என்கிறோம். அடி விழுந்த இடத்துக்குக் கீழே செதிலில் ஒரு சிறு புடைப்பு இருக்கும்; அது பெயர்ந்து வந்த கல்லில் அதற்கேற்ற ஆழமற்ற குழி இருக்கும். மாம்பழத்தைக் கத்தியால் சீவியதுபோல் ஒரு வழித்த தடம் அது. உன் இரண்டாம் படத்தில் அப்படிப்பட்ட பெரிய தழும்புகள் ஏழும், மூன்றாம் படத்தில் ஐந்தும் தெரிகின்றன. எல்லாமே விளிம்பிலிருந்து தொடங்கி நடுப்பகுதியை நோக்கி ஓடுகின்றன. ஆறு உடைத்த கல்லில் இப்படி இருக்காது. அங்கே தழும்புகள் நடுவில் ஒன்றும் மூலையில் ஒன்றுமாக, பல திசைகளில், பெரும்பாலும் மழுங்கிய கோணத்தில் சிதறிக் கிடக்கும்.

அடுத்தது, பக்கவாட்டில் எடுத்த நான்காம் படம். அதில் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் பாம்பு நெளிவதுபோல் வளைந்து போகிறது. ஒரு முறை இந்தப் பக்கம், கல்லைத் திருப்பி ஒரு முறை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டினால்தான் இந்த நெளிவு வரும். கல்லைத் திருப்பிப் பிடிக்க ஒரு கை வேண்டும், தம்பி. ஆற்றுக்கு அது இல்லை. உருண்டையான அடிப்பகுதியில் மட்டும் கூழாங்கல்லின் பழைய மேல்தோல் உள்ளங்கை பதியும் அளவுக்கு விடப்பட்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நேரில் பார்த்து உறுதி செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு, இது இருபுறமும் செதுக்கிய கைக்கோடரி, அதாவது அச்சூலியன் என்று வழங்கும் பழைய கற்காலக் கருவி மரபைச் சேர்ந்தது என்று சொல்வேன். ஆயுதம் என்ற சொல் மட்டும் முழுவதும் பொருந்தாது. கிழங்கு தோண்டுவது, இறைச்சி அறுப்பது, எலும்பு பிளப்பது, மரம் சீவுவது என்று பல வேலைக்கும் பயன்பட்ட பொதுக்கருவி அது.

நான்காம் படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கூர்முனைக்கு அருகில் விரல்நகம் அளவுக்கு ஓர் உடைப்பு இருக்கிறது. கல்லின் மற்றப் பகுதி காவி படிந்த பழுப்பாக இருக்க, அந்த இடம் மட்டும் சர்க்கரைக்கட்டி உடைந்ததுபோல் வெளிறியிருக்கிறது. பழைய தழும்பில் காலம் ஒரு நிறத்தை ஏற்றிவிடும். இதில் ஏறவில்லை, எனவே இது அண்மையில் நேர்ந்தது. மணல் அள்ளும் இயந்திரம் பட்டிருக்கலாம், யாராவது தட்டியும் பார்த்திருக்கலாம். உனக்குத் தெரிந்தால் மறைக்காமல் எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன், குறிப்பில் சேர்த்துக்கொள்வேன்.

எத்தனை ஆண்டு என்ற கேள்வி

உன் ஆற்றுப்படுகைக்கு இந்த விஷயத்தில் பெரிய வரலாறு இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், சரளைக்குழி ஒன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதலில் கிடைத்த சான்று அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே 1999 முதல் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அகழாய்வு செய்து, 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, மிக ஆழத்தில் உள்ள அச்சூலியன் கருவிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள். எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் 10 இலட்சத்து 70 ஆயிரத்துக்குக் குறையாது. அதே இடத்தில், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பெரிய கைக்கோடரிகள் அருகி, சிறிய செதில்களால் செய்த புதிய வகைக் கருவிகள் பரவின என்றும் 2018-இல் அறிவித்தார்கள்.

இதைப் படித்ததும் உன் கல்லுக்கும் 15 இலட்சம் ஆண்டு என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதக் கூடாது. அந்த வயதைக் கணித்த முறையைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்சைட்டில் படும்போது, அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுவகைகள் மிகச் சிறிய அளவில் உண்டாகின்றன. கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, புதிதாக உண்டாவதும் நின்றுவிடும். முன்பே உண்டானவை மட்டும் சிதைந்துகொண்டே போகும். அலுமினியம்-26 ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம்-10 பாதியாக ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள் ஆகும். ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் குறைவதால், இன்று இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் கல் எவ்வளவு காலம் மண்ணுக்குள் இருந்தது என்று கணக்கிடலாம்.

கவனித்தாயா? அளக்கப்படுவது புதைந்திருந்த காலம். உன் கல்லோ எப்போது புதைந்தது, எந்த வெள்ளத்தில் வெளியே வந்தது, எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் கடிகாரம் குழம்பிவிட்டது. படத்தில் தழும்புகளுக்கு இடையே உள்ள மேடுகளின் கூர்மையும் சற்று மழுங்கியிருக்கிறது. ஆறு அதைக் கொஞ்சதூரமாவது உருட்டி வந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆகவே, "வடிவத்தை வைத்துப் பார்த்தால் சில இலட்சம் ஆண்டுகள் பழமையானது, துல்லியமான வயது கணிக்க இயலாது" என்று எழுதுவதே நேர்மையான குறிப்பு.

உன் ஆசிரியர் உன்னை எனக்கு எழுதச் சொன்னதற்கு அவருக்கு என் நன்றி. ஆதித்தமிழர் என்ற சொல்லை மட்டும் அவர் மறுபடி யோசிக்கவேண்டும். நம்மைப் போன்ற உடலமைப்புள்ள மனிதர்களின் மிகப் பழைய எலும்புகளே சுமார் 3 இலட்சம் ஆண்டுகள் பழமையானவைதான், அவையும் ஆப்பிரிக்காவில் கிடைத்தவை. அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்தைய வேறொரு மனித இனத்தவர். அங்கே விலங்குகளின் பற்கள் கிடைத்திருக்கின்றன, குளம்புகள் பதிந்த தடங்களும் கிடைத்திருக்கின்றன. மனித எலும்பு கிடைக்கவில்லை. அவர்கள் என்ன பேசினார்கள், பேசினார்களா என்பதைக் கல் சொல்லாது. எந்த மொழியின் பெயரையும் அவர்களுக்குச் சூட்ட நமக்கு ஆதாரம் இல்லை.

நினைவு மறைவதற்குள் எழுதவேண்டியது

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மரப்பெட்டி நிறையக் கைக்கோடரிகள் வந்தன. ஒவ்வொன்றும் அழகானது. சேகரித்தவர் நாற்பது ஆண்டுகளாகப் பல ஆறுகளில் பொறுக்கியதாகச் சொன்னார். எது எந்த ஆறு என்று ஒன்றுக்கும் குறிப்பு இல்லை, எல்லாம் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்தும் நான்கு கற்களுக்குமேல் அவரால் நினைவுகூர முடியவில்லை. மீதியைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க வைத்திருக்கிறோம். ஆய்வுக்கு அவை பயன்படவில்லை. அந்தப் பெட்டியை இன்றும் வருத்தமில்லாமல் என்னால் திறக்க முடிவதில்லை.

உன் கல்லுக்கு அந்தக் கதி வரக் கூடாது. விடுமுறை முடிந்து நாட்கள் போய்விட்டன. இன்றே உட்கார்ந்து எழுது. எடுத்த தேதி, ஏறத்தாழ எந்த நேரம். தரைப்பாலத்திலிருந்து நீரோட்டத்தின் போக்கில் எத்தனை எட்டு நடந்தாய், எந்தக் கரையை ஒட்டி. கல் மணல்மேல் கிடந்ததா, கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்ததா, பாதி புதைந்திருந்ததா. அருகில் மணல் அள்ளிய பள்ளமோ கொட்டிய சரளையோ இருந்ததா. இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் லாரியில் வேறிடத்திலிருந்து வந்த சரளையோடு கல் வந்திருந்தால் ஆற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெரியவர் ஒருவரோடு பகலில் அங்கே போய், கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள். பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்திருக்கும் காலத்திலும் வடகிழக்குப் பருவமழை நாட்களிலும் ஆற்றில் இறங்கவே இறங்காதே. மணல் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது.

கரை வெட்டுண்டு நிற்கும் இடத்தில், செம்மண் நிறத்தில் சரளை அடுக்கு ஒன்று தெரிகிறதா என்று தள்ளி நின்று பார். உன் கல்லின் பிறந்த வீடு அதுவாக இருக்கலாம். படம் எடு, கையை வைத்து எதையும் பிடுங்காதே. தோண்டுவது பற்றி நீ கேட்டதற்கும் இதுதான் பதில். தோண்டினால் ஒருவேளை கிடைக்கும். ஆனால் எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் என்பது தோண்டும் அந்த நிமிடத்தில் அழிந்துவிடும், கல் மட்டும் கையில் மிஞ்சும். பாதுகாக்கப்பட்ட இடம் என்று அரசு அறிவித்த நிலத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றமும் ஆகும்.

விற்பது, வைத்திருப்பது, ஒப்படைப்பது

500 ரூபாய்க்குக் கேட்டவருக்குக் கொடுக்காதே. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள இப்படிப்பட்ட பொருள் தொல்பொருள் ஆகும். உரிமம் இல்லாமல் அவற்றை வாங்கி விற்கும் தொழிலைச் செய்யக் கூடாது. தனியார் எவரும் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் கூடாது. அவர் மறுபடி வந்தால், கல் பற்றித் தொல்லியல் துறைக்கு எழுதியாகிவிட்டது என்று உன் பெற்றோரைக்கொண்டு சொல்லச் சொல். அதற்குப் பிறகு பெரும்பாலும் வரமாட்டார்.

எடுத்ததனால் உன்மேல் வழக்கு வருமோ என்று பயப்படவேண்டாம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்கிறது. ஆற்றின் மேற்பரப்பில் கிடந்த கல்லுக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். நமக்கு அந்த வாதம் தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் உன் பக்கம் தெளிவாகிவிடும். தலைமையாசிரியர் மூலம் அனுப்பினால் இன்னும் நல்லது.

ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்குமா என்று நேரடியாகக் கேட்டிருக்கிறாய், நானும் நேரடியாகச் சொல்கிறேன். அடையாளம் காண மட்டும் கொண்டுவந்தால் அன்றே உன் கையில் திருப்பித் தருவேன். சேகரிப்புக்கு என்று ஒப்படைத்தால் திரும்பாது. பதிவேட்டில் எண் பெற்று அரசின் பொருளாகிவிடும். அப்போது கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரும் கிடைத்த இடமும் எழுதப்படும், உனக்கு எழுத்தில் ஒப்புகை தரப்படும். கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வரும் என்று மட்டும் உறுதி சொல்லமாட்டேன், பெரும்பாலான கற்கருவிகள் இருப்பறை இழுப்பறையில்தான் இருக்கும். பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று ஆசிரியர் சொல்லக்கூடும். ஆசிரியர் மாறுவார், அலமாரி மாறும், சீட்டு கிழியும். பத்து ஆண்டில் அது காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லாகிவிடும். அதனால் ஒப்படைப்பதே சரி என்பது என் கருத்து. உனக்கு ஒப்படைக்க மனம் வந்தால், உங்கள் பகுதிக்கு மிக அருகில் இருப்பது பூண்டியில் 1985 முதல் இயங்கும் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம். இதே படுகையில் கிடைத்த கருவிகளை அங்கே பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கொடுப்பதற்கு முன்பு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்.

கழுவாத பக்கத்தை இனி யாரும் தொடவேண்டாம். ஐந்தாம் படத்தில் அடிப்பகுதித் தழும்பின் குழிக்குள் செந்நிறமாக ஏதோ கெட்டியாக ஒட்டியிருக்கிறது. சாதாரணச் சேறாக இருந்தால் அது ஆற்றிலேயே கரைந்திருக்கும். இரும்புச்சத்து இறுகிய சரளை அடுக்கின் துணுக்காக இருந்தால், கல் எந்த அடுக்கிலிருந்து பெயர்ந்தது என்று சொல்ல நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுதான். மஞ்சளும் எண்ணெயும் அதில் ஊறிவிடும், நாரும் சோப்பும் அதை எடுத்துவிடும். கல்லை ஒரு பருத்தித் துணியில் சுற்றி, நீ எழுதிய குறிப்பைத் தனித்தாளாக உடன் வைத்து, மூடியுள்ள அட்டைப்பெட்டியில் எடுத்து வா. தனியாக வராதே, அப்பாவோ அம்மாவோ ஆசிரியரோ உடன் வரட்டும். கல்லைத் துணியிலிருந்து நான் பிரிக்கிறேன். அந்தச் செந்நிறத் துணுக்கை உருப்பெருக்கியில் முதலில் நீ பார்.

அன்புடன்,
காப்பாட்சியர்